முதலில் அழைத்தவருக்கா, மூச்சற்றவருக்கா?

இரத்மலானையிலும் கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவரிடையே ஒரு முறைப்பாடு ஓயாமல் ஒலிக்கின்றது. “1990க்கு நாங்கள் அழைத்து அரை மணி நேரமாயிற்று, வண்டி வரவில்லை. எங்களுக்குப் பின்னர் அழைத்த பக்கத்து ஒழுங்கைக்காரருக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. இது என்ன நீதி?” என்று கேட்கின்றனர். கேட்பவருள் கற்றோரும் உளர், உத்தியோகத்தரும் உளர். பாரபட்சம் என்கின்றனர் சிலர். இனத்துவேஷம் என்கின்றனர் வேறு சிலர்.

நாம் ஒன்றை ஒளிவு மறைவின்றிக் கூற விரும்புகின்றோம். பின்னால் அழைத்தவருக்கு வண்டி முன்னால் போனது என்பது தன்னளவில் அநீதி ஆகாது. பெரும்பாலும் அதுவே நீதி. தமிழ் மக்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. பிழையான வாயிலிற் போய் முட்டிக்கொண்டிருப்பதால், தட்டவேண்டிய கதவு தட்டப்படாமலே கிடக்கின்றது.

1990 சுவசெரிய என்னும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை இந்திய அரசின் நன்கொடையைக்கொண்டு 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளுடன் தொடங்கப்பெற்றது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற விழாவுடன் வடக்கிற்கும், பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதே ஆண்டில் சட்டமொன்றினால் அது ஒரு நிறுவனமாக நிலைநாட்டப்பெற்றது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சாரதியும் பயிற்சி பெற்ற ஓர் அவசர மருத்துவ உதவியாளரும் வருவர். இதனால் உயிர் தப்பியோர் பலர். அதனை மறுப்பது நன்றிகொன்ற செயலாகும். ஆயினும் வண்டிகளின் தொகையை எண்ணி மேடையில் முழங்குவோர், அந்த வண்டிகள் எந்த ஒழுங்கில் எவரிடம் போகின்றன என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. உயிரும் சாவும் தீர்மானிக்கப்படுவது அங்கேதான்.

முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது அரிசிக் கடைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் பொருந்தும் விதி. 1935 நவம்பரில் இலண்டன் மாநகரின் விம்போல் வீதியில் ஒரு வீடு தீப்பற்றியது. அயலவர் ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றார். தொலைபேசி நிலையமோ அவரை ஏனைய அழைப்புகளோடு வரிசையில் நிறுத்திக் காக்க வைத்தது. ஐந்து பெண்கள் அத்தீயில் மாண்டனர். அவர் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதமும் அதன்பின் எழுந்த கண்டனமும் ஆட்சியாளரை அசைத்தன. 1937 ஜூன் 30இல் 999 என்னும் அவசர இலக்கம் இலண்டனில் தொடங்கியது. அந்த இலக்கத்திற் கூப்பிட்டால் நிலையத்தில் தனி விளக்கு எரியும், ஒலிப்பான் அலறும், பணியாளர் மற்றவற்றை விட்டுவிட்டு அதை எடுப்பார். வரிசையை உடைப்பதற்காகவே அவசர இலக்கம் பிறந்தது என்பதை இச்சரித்திரம் நமக்குக் காட்டுகின்றது.

நமது உழவருக்கு இதை விளக்க இலண்டன் வரை போகவும் வேண்டியதில்லை. குளத்தில் நீர் குறைந்த காலத்தில் வட்டவிதானையார் எவ்வாறு நீர் பங்கிடுகின்றார்? முதலிற் கூக்குரலிட்டவன் வயலுக்கா வாய்க்காலைத் திறக்கின்றார்? குடலைப் பருவத்தில் நிற்கும் பயிர் இரண்டு நாள் வாடினால் விளைச்சல் பதராகிவிடும். இளம் பயிர் சில நாள் பொறுக்கும். ஆகவே எந்தப் பயிர் பொறுக்காதோ அதற்கே முதலில் நீர். இதை ஏற்கும் உழவர், நோயாளர் வண்டி விஷயத்தில் மட்டும் எதிர்க்கட்சி பேசுவது எவ்வாறு பொருந்தும்?

சரி, எந்த உயிர் பொறுக்கும், எது பொறுக்காது என்பதைத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் எங்ஙனம் அறிகின்றார்? கேள்விகளால் அறிகின்றார், வேறு வழியில்லை. இத்தகைய நிலையங்கள் உலகெங்கும் கையாளும் முறை ஏறக்குறைய ஒன்றே. முதலிற் கேட்பது இடம். தொடர்பு அறுந்தாலும் வண்டியாவது போகலாம் அல்லவா? அடுத்தது அழைக்கும் தொலைபேசியின் இலக்கம். அதன்பின் இரண்டு கேள்விகள்: நோயாளர் விழிப்பாக இருக்கின்றாரா? மூச்சு விடுகின்றாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் மேற்கொண்டு விசாரணை கிடையாது. மிக உயர்ந்த படியில் அந்த அழைப்பு ஏற்றப்படும். அழைப்பை ஏற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் இருக்கும் அனுப்புநர் வண்டியை ஏவிவிடுவார். மற்றவர்களுக்கே நெஞ்சு நோவா, இரத்தப் பெருக்கா, எப்போது தொடங்கியது என்று கேள்விகள் தொடரும்.

“வண்டியை அனுப்பாமல் கேள்வி கேட்டுக் காலத்தைப் போக்குகின்றார்கள்” என்று கொதிப்போருக்கு இங்கிலாந்தின் அனுபவம் தக்க பதில். அங்கு 2017 வரை கடுமையான அழைப்புகளில் நூற்றுக்கு 75ஐ 8 நிமிடத்துக்குள் சென்றடைய வேண்டும் என்பது விதி. விளைந்தது என்ன? நோய் என்னவென்று தெரியுமுன்னரே வண்டிகள் பறந்தன. ஒரு நோயாளரிடம் இரண்டு மூன்று வண்டிகள் ஓடின. முதல் வண்டி சேர்ந்ததும் மற்றவை பாதி வழியில் திரும்பின. நோயாளரை ஏற்ற முடியாத சிறு கார் ஒன்று முதலிற் போய்க் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பெரிய வண்டி வரும்வரை கைகட்டி நின்றது. 2017இல் அந்த விதி மாற்றப்பட்டது. உயிர் உடனே போகும் நிலையிலில்லாத அழைப்புகளுக்கு, வண்டியைத் தீர்மானிக்கு முன் 4 நிமிடம் வரை விசாரிக்கலாம் என்றாயிற்று. அழைப்புகள் நான்கு வகையாயின. முதல் வகைக்குச் சராசரி 7 நிமிடம். நெஞ்சு நோவும் பாரிசவாதமும் அடங்கிய இரண்டாம் வகைக்கு 18 நிமிடம். மூன்றாம் நான்காம் வகைகள் மணிக்கணக்கிலும் பொறுக்கலாம் என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. எல்லாரிடமும் ஒரே வேகத்தில் ஓட முயன்றால் எவரிடமும் உரிய வேளையிற் போய்ச் சேர முடியாது என்பதே அவர்கள் பட்டுத் தெளிந்த பாடம்.

இனி இந்த முறை ஒரு மாலைப் பணிமுறையில் இரத்மலானையில் எவ்வாறு இயங்கும் என்பதை எண்ணிப் பார்ப்போம். நாம் கூறப்போவது விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு.

மாலை 6 மணி. காலி வீதி தெற்கு நோக்கி நெரிகின்றது. கல்கிசையில் ஒரு வண்டி சும்மா நிற்கின்றது. மொறட்டுவையில் இன்னொன்று நிற்கின்றது. மூன்றாவது வண்டி களுபோவிலைப் போதனா வைத்தியசாலையில் ஒரு நோயாளரை ஒப்படைத்துக்கொண்டிருக்கின்றது.

6.02க்கு அத்திடியவிலிருந்து முதல் அழைப்பு. முதியவர் ஒருவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பேசுகின்றார், நீர் அருந்துகின்றார். மூன்றாம் வகை. வேறு அழைப்பு இல்லாமையால் கல்கிசை வண்டி புறப்படுகின்றது. 6.04க்கு இரண்டாவது அழைப்பு. காலி வீதியோரத் தொழிற்சாலை ஒன்றில் இளைஞன் ஒருவன் விழுந்து கால் முறிந்தது. விழிப்பாக இருக்கின்றான், இரத்தம் அமர்த்தப்பட்டுவிட்டது. இதுவும் மூன்றாம் வகையே. மொறட்டுவை வண்டி அவனிடம் புறப்படுகின்றது. 6.06க்கு மூன்றாவது அழைப்பு. புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றிலிருந்து ஒரு பெண் அலறுகின்றாள். அறுபது வயதுத் தந்தை சாப்பாட்டு மேசையருகே சாய்ந்துவிட்டார்; கூப்பிட்டால் விழிக்கவில்லை; இடைக்கிடை வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுக்கின்றார்.

இது முதல் வகை. அந்த இழுப்பு மூச்சன்று. இதயம் நின்றபின் எழும் கடைசித் துடிப்பு. அனுப்புநர் செய்யவேண்டியது என்ன? கல்கிசை வண்டி இன்னும் காலி வீதியை விட்டுத் திரும்பவில்லை. அதை மறித்துக் கடற்கரைப் பக்கத்துக்குத் திருப்புகின்றார். காய்ச்சற்காரருக்குக் களுபோவிலை வண்டியை எழுதி வைக்கின்றார். அந்த வண்டி 6.25க்கு விடுபடுகின்றது, 6.40க்கு அத்திடிய சேருகின்றது. முதலில் அழைத்த குடும்பம் 38 நிமிடம் காத்திருந்தது. நான்கு நிமிடம் பிந்தி அழைத்த குடும்பத்துக்கு எட்டு நிமிடத்தில் வண்டி வந்தது. மறுநாள் அத்திடியக் குடும்பம் முறைப்பாடு எழுதும், எழுதட்டும். ஆனால் நீதி வழுவவில்லை என்று நாம் அடித்துக் கூறுவோம். இடையில் ஒரு கடமை உண்டு. காத்திருப்போரை நிலையம் மறுபடி அழைத்து, நிலை மாறிற்றா என்று கேட்டல் வேண்டும். காய்ச்சற்காரர் பேச்சுக் குழறத் தொடங்கினால் அவரது படி உடனே உயர வேண்டும். அவ்வாறு கேட்காமல் விட்டிருந்தால், அதுவே முறைப்பாட்டுக்கு உரிய குற்றம்.

“அண்மையிலுள்ள வண்டி” என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்த்தல் வேண்டும். படத்திற் கோடு கிழித்து அளக்கும் தூரம் வண்டிக்கு உதவாது. இரத்மலானை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1.8 கிலோ மீற்றர் நீளம் உடையது. அதன் ஒரு பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு மறுபக்கத்து வீடு கூப்பிடு தூரம். ஆனால் வண்டி சுற்றித்தான் போக வேண்டும். புகையிரதக் கடவையும் அப்படியே. மாலை வேளையில் படலை பூட்டியிருந்தால் நூறு யார் தூரம் சில நிமிடங்களாக நீளும். ஆகவே அண்மை என்பது நிமிடத்தில் அளக்கப்படுவது. அந்த நேரத்து நெரிசலையும் பூட்டிய படலையையும் சேர்த்து அளக்கப்படுவது.

“ஓய்வாயுள்ள வண்டி” என்பதும் கண்ணுக்குத் தோன்றுவதுபோல் எளிதன்று. வைத்தியசாலை வாசலில் வண்டி நிற்பதைக் காணும் ஒருவர், “அது சும்மாதானே நிற்கின்றது” என்பார். நோயாளர் கட்டில் கிடைக்காமல் வண்டியின் தள்ளுபடுக்கையிலேயே கிடப்பார்; அதுவரை அது ஓய்வான வண்டியன்று. மறுபுறத்தில், நோயாளரை ஒப்படைத்துவிட்டும் “விடுபட்டோம்” என்று அறிவிக்கப் பிந்தும் வண்டி, இருந்தும் இல்லாத வண்டியே. திரையிற் காணும் நிலைக்கும் வாசலிற் காணும் நிலைக்கும் இடையே பத்து நிமிடம் ஒளிந்திருக்கலாம். கல்கிசையும் மொறட்டுவையும் ஒருங்கே வெறுமையானால் அடுத்த அழைப்புக்கு யார் என்பதையும் அனுப்புநர் முன்கூட்டி எண்ணி, வேறோர் இடத்து வண்டியை நடுவழிக்கு நகர்த்தி நிறுத்த வேண்டும்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. இயந்திரம் திருந்தும்; படம் திருந்தும்; வைத்தியசாலைக் கட்டிலும் பெருகும். ஆனால் நாம் தொடக்கத்திற் குறித்த கேள்வி இன்னும் கிடக்கின்றது. அது மூன்றாவது அழைப்பில் இருக்கின்றது. அந்தப் பெண் எந்த மொழியில் அலறினாள்?

தமிழிலென்றால் அவள் சொன்னது இதுவே: “அப்பாவுக்கு இழுக்குது!”

தமிழறிந்தோரே, அந்த ஒரு சொல்லைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டுகின்றவருக்கும் நம்மவர் “இழுக்குது” என்பர். அது இழுப்பு நோய். கை கால் வெட்டி வலிப்பு வந்தவருக்கும் “இழுக்குது” என்பர். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து பாரிசவாதம் கண்டவருக்கும் “ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது” என்பர். உயிர் பிரியும் தறுவாயில் சேடம் இழுப்பவருக்கும் அதே சொல்தான். ஒரு வினைச்சொல்; நான்கு நோய். அவற்றுள் ஒன்று உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்காவிட்டால் சில நிமிடத்தில் உயிரைக் கொண்டுபோவது. இன்னொன்று பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே அடங்குவது.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் இதைக் கேட்டால் ஒரு கணத்திற் பிரித்துணர்வார். “நெஞ்சோ, கை காலோ? கூப்பிட்டால் முழிக்கிறாரோ? ஒவ்வொரு மூச்சும் எடுக்கேக்கை ‘இப்ப’ எண்டு சொல்லுங்கோ” என்று கேட்பார். இரண்டு “இப்ப” என்ற சொற்களுக்கிடையே நீண்ட வெளி விழுந்தால், அது மூச்சன்று என்று தெளிவார். அடுத்த நொடியில், “நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து விரைவாகவும் பலமாகவும் அமத்துங்கோ” என்று சொல்லிக்கொடுப்பார். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழத்துக்கு. வண்டி வரும்வரை அந்தத் தந்தையின் இதயத்தின் வேலையை மகளின் கைகள் செய்யும்.

மனனம் செய்த பத்து வாக்கியத் தமிழுடன் மேசையில் இருப்பவர் என்ன செய்வார்? அவருடைய பட்டியலில் “இழுப்பு” என்பதற்கு எதிரே மூச்சுமுட்டு என்று இருக்கும். “மூச்சு விடுகின்றாரா?” என்று கேட்பார். பெண், “ஓம், இழுக்குது” என்பாள். விடை ஆம். அழைப்பு இரண்டாம் வகைக்கோ அதற்குக் கீழோ இறங்கும். கல்கிசை வண்டி தன் வழியே காய்ச்சற்காரரிடம் போகும். மொறட்டுவை வண்டி கால் முறிந்தவனிடம் போகும். விடுபடும் மூன்றாம் வண்டி அரை மணி நேரத்தின் பின் கடற்கரை ஒழுங்கையிற் போய் நிற்கும். நெஞ்சை அழுத்துவார் இன்றி, மின்னதிர்ச்சியும் இன்றி, இதயம் நின்றவர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகின்றது என்பது மருத்துவ உலகம் ஏற்ற கணக்கு. அரை மணி நேரத்தில் மிஞ்சுவது என்ன?

இதில் மிகக் கொடிய பகுதி இனித்தான் வருகின்றது. பதிவேட்டைப் புரட்டினால் குற்றம் எங்கேயும் இராது! அழைப்பு உடனே ஏற்கப்பட்டது, கேள்விகள் கேட்கப்பட்டன, உரிய வகை இடப்பட்டது, ஓய்வான வண்டி போயிற்று. சாரதி தாமதிக்கவில்லை, அனுப்புநர் தவறவில்லை. ஒரு சொல் தவறிற்று. ஓர் உயிர் போயிற்று. ஏடு மட்டும் தூய்மையாய் நிற்கின்றது. மொழிப் பிழை வண்டிப் பிழைபோல் கண்ணிற் படுவதில்லை. அதனாற்றான் வண்டியைப் பார்த்துக் கூச்சலிடும் நம்மவர் மேசையைப் பார்க்க மறக்கின்றனர்.

“கொழும்பில் இருப்பவருக்குச் சிங்களம் தெரியாதா?” என்று கேட்போர் உளர். கடையிற் பொருள் வாங்கும் சிங்களம் வேறு. தந்தை கண்முன்னே சாயும்போது நாவில் எழும் மொழி வேறு. வட்டக்கச்சியிலிருந்து மகனைப் பார்க்க வந்து இரத்மலானையில் தங்கியிருக்கும் உழவர் மனைவிக்கு அந்தக் கடைச் சிங்களமும் இல்லை. “ஆங்கிலம் பேசலாமே” என்பவருக்கு விடையே வேண்டா. “தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பேசவைப்போம்” என்பது மூன்றாவது சமாதானம். தேடிப் பிடித்து வர இரண்டு நிமிடம் என்றே கொள்வோம். அந்த இரண்டு நிமிடத்தில் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிடுகின்றது. அது தமிழ் பேசியதற்கு விதிக்கப்படும் வரியல்லவா?

தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழிற் தொடர்புகொண்டு பதில் பெறலாம் என்று 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. இரத்மலானையும் அதற்குள் அடங்கியதே. மும்மொழிச் சேவை என்ற அறிவிப்பும் உண்டு. நாம் கேட்பது அறிவிப்பையன்று, ஆளை. அதுவும் எண்ணிக் கேட்கின்றோம்.

ஓர் ஆசனத்தில் இரவு பகலாகத் தமிழர் ஒருவர் இருக்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம் நிரப்பப்பட வேண்டும். ஒருவர் வாரத்தில் 45 மணி நேரம் பணி செய்வார் எனக் கொண்டால் ஏறத்தாழ நால்வர் தேவை. விடுமுறை, சுகவீனம், பயிற்சி இவற்றைக் கூட்டினால் ஐவர். அந்த ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் இன்னொரு தமிழ் அழைப்பு வந்தால்? இரண்டாவது ஆசனம் வேண்டும், ஐவர் பதின்மராவர். கொழும்புக்கு மட்டுமன்று, வடக்குக் கிழக்கு மலையகம் அனைத்துக்கும் ஒரே இலக்கம் என்பதை எண்ணினால் பதின்மரும் போதார். பகற் பணிமுறையில் இருவரை இருத்திவிட்டு “தமிழ் உண்டு” என்பது, பகலில் மட்டும் மழை பெய்யும் என்று நம்பி வீட்டுக்குக் கூரை வேய்வது போன்றது. நள்ளிரவு இரண்டு மணிப் பணிமுறையில் எத்தனை தமிழர் என்பதே கேள்வி.

ஆகவே தமிழ்ச் சங்கங்களையும் வழக்கறிஞரையும் மருத்துவரையும் கமக்காரர் அமைப்புகளையும் நாம் அழைக்கின்றோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கின்றது. விண்ணப்பித்தால் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானம் தெரிவிக்கப்பட வேண்டும். “சராசரி எத்தனை நிமிடம்?” என்று கேட்டு ஏமாறாதீர்கள். நூறு காய்ச்சற்காரரை விரைவாய் அடைந்து, மூச்சற்றவர் ஐவரைத் தவறவிட்டாலும் சராசரி அழகாகவே இருக்கும். மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று: ஒவ்வொரு பணிமுறையிலும் தமிழில் அழைப்பை ஏற்போர் எத்தனை பேர்? தமிழ் அழைப்பு ஒன்று தமிழிற் பேசுவோரை அடைய எத்தனை விநாடி ஆகின்றது?

இரண்டு: முதல் வகை அழைப்புகளில் மிகப் பிந்திய பத்தில் ஒரு பங்கினருக்கு எத்தனை நிமிடம் சென்றது?

மூன்றாவதே முதன்மையானது. தொலைபேசியில் இட்ட வகையும், வண்டி சென்று கண்ட நிலையும் எத்தனை தடவை பொருந்தவில்லை? தாழ்ந்த வகையில் இடப்பட்டு, போய்ப் பார்த்தபோது உயிர் ஊசலாடியவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கை மொழிவாரியாகப் பிரித்துத் தருக. சிங்கள அழைப்பில் ஒரு பங்கும் தமிழ் அழைப்பில் இரண்டு பங்குமாக அது இருந்தால், தூய ஏட்டின் பின்னால் ஒளிந்த குற்றம் வெளிச்சத்துக்கு வரும். இரண்டும் சமமாயின், நாம் முதலாவதாக எழுந்து அந்த நிலையத்தைப் பாராட்டுவோம். அத்தகைய கணக்கு இன்னும் எடுக்கப்படுவதில்லை என்று பதில் வருமாயின், இன்றே எடுக்கத் தொடங்குக என்பதே நமது கோரிக்கை. ஒலிப்பதிவும் வண்டியின் குறிப்பும் இருந்தால் ஒப்புநோக்க இரண்டு எழுதுவினைஞர் போதும்.

நமது பக்கத்துக் கடமையையும் மறைக்காமற் கூறுவோம். காய்ச்சலையும் மாரடைப்பு என்று கூறினால் வண்டி விரைந்து வரும் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவ்வண்டி வேறொரு தமிழன் வாசலிலிருந்தும் திருப்பப்பட்டிருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஒரே விபத்துக்குப் பத்துப் பேர் அழைத்து, பதினோராவது அழைப்பில் வந்த மூச்சற்றவரைக் காக்கவைப்பதும் அவ்வாறே. அழைக்கும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: காலி வீதியின் எந்தப் பக்கம், எந்தப் புகையிரதக் கடவை, அருகே எந்தக் கோயில். பின்பு, விழிக்கின்றாரா, மூச்சு ஒழுங்காக வருகின்றதா என்பதைச் சொல்லுங்கள். “இழுக்குது” என்ற சொல்லோடு நில்லாமல், எது இழுக்கின்றது என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வையாதீர்கள்.

1983 ஜூலையில் இதே இரத்மலானை விமான நிலையத்தில் அகதிகளாய்க் குவிந்த மக்கள் நாம். பொது இடத்தில் தமிழைத் தணித்துப் பேசும் பழக்கம் அன்று பலர் நாவில் ஏறியது. இன்னும் முற்றாக இறங்கவில்லை. ஆனால் மூச்சு நிற்கும் வேளையில் தணித்துப் பேச எவருக்கும் நேரம் இல்லை. பின்னால் அழைத்த அயலவருக்கு முன்னால் வண்டி போனால் பொறுத்துக்கொள்வோம்; அவர் எந்த இனத்தவராயினும் பொறுத்துக்கொள்வோம். நமது அழைப்பு எந்தப் படியில் வைக்கப்படுகின்றது என்பதை நமது நோய் தீர்மானிக்கட்டும். நமது மொழி தீர்மானிப்பதை மட்டும் நாம் ஒருபோதும் பொறுக்கமாட்டோம்.